சிறுவர் எழுதும் பத்தி

நம் கல்லூரிக்குத் தெற்கே, பனைகள் செறிந்த ஒரு சிற்றூரில் நடுநிலைப் பாடசாலை ஒன்று உளது. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய யாம் நால்வர், சென்ற ஆண்டில் சனிக்கிழமைதோறும் ஆங்குச் சென்று, ஆறாம் வகுப்புச் சிறார்க்கு உரைநடை எழுதும் பயிற்சி அளித்து வந்தோம். ஒரு பொருளைப்பற்றி ஏழெட்டு வாக்கியங்களில் ஒரு பத்தி எழுதச் செய்வதே யாம் மேற்கொண்ட பணி. அஃது எளிய பணியென்று எண்ணியே அதனுட் புகுந்தோம். அப்பணியில் யாம் செய்த பிழை ஒன்றும், அப்பிழையினின்று யாம் கற்றுக்கொண்டதுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற் சனிக்கிழமையன்று 'பனை' என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, அதனைப்பற்றி ஒரு பத்தி எழுதுமாறு சிறுவரிடம் கூறினோம். அவருள் ஒருவன் எழுதித் தந்தது பின்வருவது:

"பனை நமது மாநில மரம். பனை மிகவும் பயனுள்ள மரம். பனை நமக்கு நுங்கு தருகிறது. பழங்காலத்தில் பனை ஓலையில் எழுதினார்கள். எங்கள் அப்பா பனை ஏறுவார். பனை மரத்தை நாம் காக்க வேண்டும். ஆகவே பனை பயனுள்ள மரம் ஆகும்."

இதனைத் திருத்தப் புகுந்தோம். ஒரு பத்தியில் ஒரு கருத்தே இருத்தல் வேண்டும். அக்கருத்தைத் தலைமை வாக்கியம் கூறும். ஏனைய வாக்கியங்கள் துணைச் செய்திகளாய் நின்று அதனைத் தாங்கும் என்பது யாம் கையிற்கொண்டு சென்ற விதி. அவ்விதியை அளவுகோலாகக் கொண்டு நோக்கியபோது, 'பனை மிகவும் பயனுள்ள மரம்' என்பது தலைமை வாக்கியமாகத் தோன்றிற்று. 'எங்கள் அப்பா பனை ஏறுவார்' என்பது அதனோடு ஒட்டாது நின்றது. ஆதலின் எம்முள் ஒருவர் அவ்வாக்கியத்தைச் சிவப்பு மையாற் கோடிட்டு நீக்கினார். ஏனைய மூவரும் உடன்பட்டோம். சிறுவன் ஒன்றும் பேசாது தாளைப் பெற்றுக்கொண்டு தன் இடத்திற்குப் போனான்.

மாலையிற் பேருந்தில் திரும்பும்போது மற்றைத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மாநில மரம், நுங்கு, ஓலை, காக்க வேண்டும் என்னும் அவ்வாக்கியங்களே பல தாள்களிலும் ஒரு சொல்லும் மாறாது கிடந்தன. அவை கட்டுரைக் கையேட்டிலிருந்து மனப்பாடம் செய்யப்பட்டவை. அச்சிறுவன் தானே அறிந்து எழுதிய வாக்கியம் அவ்வேழனுள் ஒன்றேயாம். அவ்வொன்றைத்தான் யாம் வெட்டி எறிந்தோம்.

யாம் கொண்டுசென்ற விதி தவறானதோ என்று அடுத்த வாரம் முழுவதும் எமக்குள் வாதிட்டோம். அவ்விதியின் வரலாறு சிறிது அறியத்தக்கது. ஏட்டுச்சுவடிகளில் எழுத்து இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். பத்தி பிரித்தெழுதும் வழக்கம் நம் உரைநடைக்கு அச்சோடு வந்து சேர்ந்தது. பத்தி எழுதுவதற்குரிய விதிகளை ஆங்கிலத்தில் ஒழுங்குபடத் தொகுத்துக் கூறியவர், ஸ்காத்லாந்திலுள்ள அபர்தீன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அலெக்சாந்தர் பெயின். 1866-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் நூலில், பத்தியின் முதல் வாக்கியம் அப்பத்தியின் பொருளைத் தெரிவித்தல் வேண்டும் என்பது ஒரு விதி. பின்னர்ப் பள்ளிப் புத்தகங்கள் வாயிலாக அஃது எங்கும் பரவிற்று. எனினும், கருத்தை முதலிற் கூறிப் பின்னர் அதனை நிறுவும் முறை தமிழர்க்குப் புதிதன்று. நன்னூல் கூறும் காண்டிகையுரையில் முதலில் நிற்பது சூத்திரத்தின் கருத்து. பின்னர்ப் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வரும். ஆதலின் விதி நல்லதே. எனின், பிழை எங்கே நேர்ந்தது?

தலைமை வாக்கியம் படிப்போனுக்கு முதலில் வருவது; எழுதுவோனுக்கு அது பின்னர்ப் பிறப்பது. இவ்வேறுபாட்டை யாம் கருதவில்லை. உரையாசிரியர் கருத்தை முதலில் எழுதுகின்றார் எனினும், நூல் முழுதும் ஆராய்ந்த பின்னரே அதனை எழுதுகின்றார். பதினோராண்டுச் சிறுவனை நோக்கி, "முதலிற் கருத்தை எழுது; பின்னர் அதற்குத் துணையாக மூன்று செய்தி எழுது" என்று பணிப்போமாயின், அவன் என் செய்வான்? எவரும் மறுக்கவியலாத ஒரு பொதுவாக்கியத்தை முதலில் இடுவான். அதற்குத் துணையாக அவன் அறிந்தது எதுவும் வந்து பொருந்தாது. ஆகவே அவன் மனப்பாடத்தை நாடுவான். செய்திகளை முதலில் திரட்டி, அவற்றை வகைசெய்து, அவற்றினின்று தலைமை வாக்கியத்தைக் காணுமாறு கற்பித்தலே தக்க முறை என்பது எமது துணிபு. அம்முறையை அச்சிறுவனிடத்தேயே செய்து பார்த்தோம். நிகழ்ந்ததை முறையே கூறுவாம்.

இரண்டாம் சனிக்கிழமையன்று தலைப்பு எதுவும் எழுதவில்லை. ஒரு முழுத்தாளைக் குறுக்கே எட்டாகக் கிழித்து, ஒவ்வொரு சிறுவனுக்கும் பதினாறு துண்டுகள் கொடுத்தோம். தன் வீட்டில் நடைபெறும் ஒரு வேலையைப்பற்றித் துண்டிற்கு ஒரு வாக்கியமாக எழுதவேண்டும். தான் கண்டதோ செய்ததோ வீட்டார் சொல்லக் கேட்டதோ அன்றி வேறு எழுதலாகாது. எழுதுமுன் இருவர் இருவராக அமர்ந்து ஒருவரையொருவர் ஐந்து நிமிடம் வினவிக்கொள்ள வேண்டும். வாயாற் சொல்ல இயன்றதையே சிறுவர் கையால் எழுத வல்லர் என்பதை அன்று கண்டோம். எழுத்துக் கூட்டி எழுதவே இடர்ப்பட்ட சிலர்க்கு, அவர் சொல்ல யாமே எழுதிக்கொடுத்தோம். பின்னர் அத்துண்டுகளைக் கையாளுவதில் அவர் பிறர்க்குப் பின்னடையவில்லை.

பனையேறியின் மகனாகிய அச்சிறுவன் பதினான்கு துண்டுகள் எழுதினான். மூன்றாம் சனிக்கிழமையன்று அவற்றை மேசைமேற் பரப்பி, ஒன்றோடொன்று சேரத்தக்கவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கச் சொன்னோம். மூன்று அடுக்குகள் அமைந்தன. தந்தை மரம் ஏறுவது பற்றி ஆறு துண்டுகள். தாய் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவது பற்றி நான்கு. பனையின் பயன் பற்றிக் கையேட்டு வாக்கியங்கள் மூன்று. 'எங்கள் வீட்டு நாய் பனைமரத்தைப் பார்த்துக் குரைக்கும்' என்னும் ஒன்று எதனோடும் சேராது தனியே கிடந்தது. மூன்று அடுக்குகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை ஓர் உறையுள் இட்டு வைக்கச் சொன்னோம். அவன் தயங்கினான், எழுதியதை விடுவதற்கு அவன் மனம் ஒப்பவில்லை. அவை வேறு பத்திக்கு உதவும் என்று கூறியபின் உடன்பட்டான். ஒருமைப்பாடு என்பது யாது என்பதை எவ்வகை விளக்கத்தினும் இவ்வுறை நன்கு விளக்கிற்று. முன்னர் யாம் சிவப்பு மையாற் செய்ததையே இப்பொழுது சிறுவன் தன் கையாற் செய்தான். எதை வைப்பது, எதை விடுவது என்பதைத் தானே தெரிந்து செய்தான் என்பதே வேற்றுமை.

எஞ்சிய ஆறு துண்டுகளையும் அவன்முன் வைத்து, "இவையெல்லாம் சேர்ந்து என்ன சொல்லுகின்றன?" என்று வினவினோம். தலைமை வாக்கியம் பிறக்கும் இடம் இதுவே. இடர் மிக்க இடமும் இதுவே. அவன் முதலில் எழுதியது, 'பனை ஏறுதல்.' இது தலைப்பு. எதனைப்பற்றி என்று கூறுமேயன்றி, அதனைப்பற்றி என்ன என்று கூறாது. இரண்டாவதாக எழுதியது, 'எங்கள் அப்பா கஷ்டப்படுகிறார்.' இது வாக்கியமே. ஆயினும் அளவிற் பெரிது. உழவனின் மகனும் கொத்தனாரின் மகளும் இவ்வாக்கியத்தையே எழுதலாம். மூன்றாவதாக எழுதியது, 'எங்கள் அப்பா விடியும் முன்னே எழுந்திருப்பார்.' இஃது அளவிற் சிறிது. இது தானே ஒரு துணைச் செய்தி. மற்றை ஐந்தும் இதன்கீழ் அடங்கா.

தலைப்பு, மிகப் பெரிது, மிகச் சிறிது என்னும் இம்மூன்று குறைகளையும் சிறுவர் தாமே காணும்பொருட்டு இரண்டு வினாக்களைக் கற்பித்தோம். இவ்வாக்கியத்தைக் கேட்டவன், 'எப்படி?' என்றோ 'ஏன்?' என்றோ உடனே கேட்பானா என்பது ஒன்று. எனது துண்டுகள் அனைத்தும் அக்கேள்விக்கு விடையாகுமா என்பது மற்றொன்று. 'பனை ஏறுதல்' என்றால் எவனும் எப்படி என்று கேளான், 'என்ன சொல்லவருகிறாய்?' என்றே கேட்பான். 'கஷ்டப்படுகிறார்' என்றால் எப்படி என்று கேட்பான். ஆனால் அதற்கு ஆறு துண்டுகள் போதா. 'விடியும் முன்னே எழுந்திருப்பார்' என்றால் ஏன் என்று கேட்கலாம்; ஆனால் மாலையில் ஏறுவதைப்பற்றிய துண்டு அதற்கு விடையாகாது. இவ்வாறு ஆராய்ந்து, நான்காவதாக அவன் எழுதியது இது: 'பதநீர்க் காலத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வு இல்லை.'

இதனை யாம் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம். ஆனால் அவன் பக்கத்தில் இருந்த சிறுமி ஏற்கவில்லை. அவனுடைய துண்டு ஒன்றில், 'போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் சித்தப்பா வந்து ஏறினார்' என்றிருந்தது. "அந்த மூன்று நாளும் உங்கள் அப்பாவுக்கு ஓய்வுதானே?" என்று அவள் கேட்டாள். அவன் சிறிதுநேரம் எண்ணினான். காய்ச்சற் செய்தியை உறையுள் இட்டுவிடலாம் என்று எம்முள் ஒருவர் கூறினார். அவன் இசையவில்லை. "அப்பா ஏறாவிட்டாலும் வேறே ஆள் ஏறணும் சார், இல்லாவிட்டால் பாளை வற்றிவிடும்" என்றான். பின்னர்த் தலைமை வாக்கியத்தையே மாற்றினான். ஓய்வில்லாதது தந்தைக்கு அன்று, அவ்வேலைக்கே என்பது அவன் கண்ட கருத்து. செய்திகள் கருத்தைத் தாங்குவன என்று மட்டும் கற்றிருந்த எமக்கு, செய்திகள் கருத்தைத் திருத்தவும் செய்யும் என்பதை அச்சிறுவன் கற்பித்தான்.

நான்காம் சனிக்கிழமை துணைச் செய்திகளுக்கு உரியது. துண்டுகளுள் ஒன்று, 'அப்பா நிறைய மரம் ஏறுவார்' என்பது. 'எத்தனை?' என்று வினவினோம். வீட்டிற் கேட்டுவந்து, முப்பது என்றான். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று வினவ, காலையும் மாலையும் என்றான். முப்பதை இரண்டாற் பெருக்கி அவனே வியப்புற்றான். யார், எப்பொழுது, எங்கே, எத்தனை, ஏன் என்னும் வினாக்களை ஒவ்வொரு துண்டின்மீதும் செலுத்தினால், பொதுச்சொல் கரைந்து செய்தி வெளிப்படும். விடை பெறமுடியாத துண்டு துணைச் செய்தி ஆகாது. தலைமை வாக்கியத்தையே வேறு சொற்களால் மீண்டும் கூறுவதாக இருக்கும்.

ஐந்தாம் சனிக்கிழமையன்று துண்டுகளை வரிசைப்படுத்தித் தாளில் எழுதினான். காரணம் முதலில் வந்தால் மற்றவை எளிதில் விளங்கும் என்பதால், பாளையைப்பற்றிய செய்தியைத் தலைமை வாக்கியத்திற்கு அடுத்து வைத்தான். பின்னர் அன்றாட நிகழ்ச்சியும், இறுதியில் என்றோ ஒருநாள் நிகழ்ந்ததும் வந்தன. எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அதனை இங்குத் தருகின்றோம்:

"பதநீர்க் காலத்தில் பனை ஏறும் வேலைக்கு ஒரு நாள்கூட விடுமுறை இல்லை. பாளையைத் தினமும் சீவாவிட்டால் அது வற்றிவிடும், பதநீர் வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் அப்பா ஏறுவார். விடியும் முன்னே ஏறிப் பதநீரை இறக்கிப் பாளையைச் சீவுவார். சாயங்காலம் மறுபடியும் ஏறிச் சீவி, பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். எங்களுக்கு முப்பது மரம். ஒரு நாளைக்கு அறுபது தடவை ஏறி இறங்குவார். போன வருஷம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதும் வேலை நிற்கவில்லை, மூன்று நாள் சித்தப்பா வந்து ஏறினார்."

இதில் முடிவுரை இல்லை. 'ஆகவே' என்று தொடங்கிக் கூறியதைக் கூறவில்லை. அதனை வேண்டாமென்று யாம் தடுக்கவும் இல்லை. அவனுக்கு அது தேவைப்படவில்லை. முதற்பத்தியில் நீக்கப்பட்ட வாக்கியமே இப்பத்திக்கு வித்தாயிற்று என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு எழுதிய பத்தி சரியா என்பதை ஆசிரியர் சொல்லித்தான் சிறுவர் அறியவேண்டும் என்பதில்லை. முதல் வாக்கியத்தை ஒரு தாளால் மறைத்து, எஞ்சியதைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து, மறைந்த வாக்கியம் யாதென்று ஊகிக்கச் சொல்லலாம். ஏறக்குறைய அதனையே அவன் கூறினால், துணைச் செய்திகள் தம் தொழிலைச் செய்கின்றன. வேறொன்றைக் கூறினால், செய்திகள் வேறொரு கருத்தையே தாங்குகின்றன. கருத்தை மாற்றுவதா, செய்தியை மாற்றுவதா என்று எழுதியவன் தேர்ந்துகொள்ளட்டும். எதுவும் கூற இயலாவிடின், செய்திகள் ஒன்றுசேரவில்லை. மனப்பாடப் பத்திகளை இவ்வாறு மறைத்துப் பார்த்தபோது ஒரு விந்தை கண்டோம். எல்லாரும் 'பனை பயனுள்ள மரம்' என்று தவறாமற் கூறினர். ஆனால் கீழுள்ள வாக்கியங்களைப் படியாமலேயே கூறினர். ஆகவே, சிறுவர் ஏற்கனவே மனனம் செய்த பொருளில் இச்சோதனை பயன்படாது என்பதையும் குறித்துவைத்தல் நலம்.

குறைகளுக்குப் பெயரிடுவதற்கு யாம் அயலிடம் செல்ல வேண்டியதில்லை. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் நான்கு இப்பருவத்தினர் பத்திகளில் நாள்தோறும் காணப்படுவன. செய்தி போதாது நிற்பது குன்றக்கூறல். பொதுவாக்கியத்தையே மாற்றி மாற்றி உரைப்பது கூறியது கூறல். நாயின் குரைப்பைப்பற்றி நான்கு வாக்கியம் எழுதுவது மற்றொன்று விரித்தல். நன்கு தொடங்கி, வரவரச் செய்தி மெலிந்து, 'இன்னும் பல உள்ளன' என்று முடிவது சென்றுதேய்ந்திறுதல். இப்பெயர்களைச் சிறுவர்க்குக் கூறவேண்டுமென்பது எம் கருத்தன்று. திருத்தும் ஆசிரியர் நினைவிற் கொள்ளலாம். எக்குற்றம் என்று பிரித்தறிந்தாலன்றி மருந்து தெரியாது. குன்றக்கூறலுக்கு வினா மருந்து. மற்றொன்று விரித்தலுக்கு உறை மருந்து. எல்லாவற்றிற்கும் 'இன்னும் நன்றாக எழுதுக' என்று எழுதுவது எதற்கும் மருந்தாகாது.

தமிழுக்கே உரிய இடர் ஒன்றையும் கூறுதல் வேண்டும். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு. 'அப்பா எழுந்து, அரிவாளை எடுத்து, தோட்டத்துக்குப் போய், மரத்தில் ஏறி, பதநீரை இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவிடம் கொடுத்து' என்று சிறுவர் ஒரு முழுப் பத்தியையும் ஒரே வாக்கியமாக எழுதிவிடுகின்றனர். அதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் செய்திகள் அனைத்தும் ஒரே கயிற்றிற் கட்டுண்டு கிடப்பதால், எதனை விரிப்பது, எதனை நீக்குவது என்று அவர் காணமுடிவதில்லை. வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல்லின்கீழ்க் கோடிடச் சொன்னோம். பத்தி முழுவதிலும் ஒரே கோடு விழுந்தவர், தம் எழுத்தை மூன்று நான்காக வெட்டிக்கொண்டனர். துண்டிற்கு ஒரு வாக்கியம் என்னும் முறை இவ்விடரைத் தொடக்கத்திலேயே பெரிதும் தடுத்துவிடுகின்றது.

இனி, எம் கருத்திற்கு மறுப்பாகக் கூறத்தக்கவற்றை நோக்குவாம். தலைமை வாக்கியம் என்பதே செயற்கை. நல்ல எழுத்தாளர் அவ்வாறு எழுதுவதில்லை என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. 1974-ஆம் ஆண்டில் ரிச்சர்டு பிராடக் என்னும் அமெரிக்க ஆசிரியர், அந்நாட்டு இதழ்களில் வந்த 25 கட்டுரைகளை ஆராய்ந்து, தலைமை வாக்கியத்தோடு தொடங்கும் பத்திகள் நூற்றுக்கு 13 அளவே என்று கண்டார். கதை சொல்லும் பத்திக்கோ அது வேண்டியதேயில்லை; காலவரிசையே அதனை நடத்திச்செல்லும். தமிழில், செய்திகளை முன்னே கூறி, 'ஆதலால்' என்று கருத்தை இறுதியில் வைப்பதும் இயல்பான நடையே. எனவே, முதலிடத்தில் வைத்தே தீரவேண்டும் என்று எட்டாம் வகுப்புவரை வற்புறுத்துதல் தகாது. ஆறாம் வகுப்பில் முதலிலும், ஏழாம் வகுப்பில் முதலிலோ இறுதியிலோ விரும்பியாங்கும் வைக்கலாம். எட்டாம் வகுப்பில், கருத்து விளங்குமாயின் அவ்வாக்கியத்தை எழுதாமலும் விடலாம் என்பது எம் பரிந்துரை. ஆனால், எழுதாது விடுவதற்கு முன் அஃது யாதென்று எழுதுவோன் அறிந்திருத்தல் வேண்டும்.

காலம் போதாது என்பது மற்றொரு மறுப்பு. இதனைக் கூறுவோர் நாள்தோறும் வகுப்பில் நிற்கும் ஆசிரியராதலின், இதனை யாம் எளிதிற் புறந்தள்ளோம். யாம் நால்வர், அவரோ ஒருவர். ஒரு பத்திக்கு நான்கு சனிக்கிழமைகளை யாம் செலவிட்டோம். அவர்க்குப் பாடத்திட்டமும் தேர்வும் உள. தேர்வோ, முன்னுரை முதல் முடிவுரைவரை உள்தலைப்புகளோடு கூடிய கட்டுரையை வேண்டுகின்றது. மனப்பாடம் அதற்குக் குறுக்குவழி. ஆயினும், உள்தலைப்பு ஒவ்வொன்றின்கீழும் நிற்பது ஒரு பத்தியே அன்றோ? திங்களுக்கு ஒரு பத்தியை இவ்வாறு முழுமையாகச் செய்வித்து, எல்லாத் தாளையும் தாமே திருத்தாது, மறைத்துப் பார்க்கும் சோதனையைச் சிறுவரிடமே விட்டு, வாரம் ஐந்தாறு தாள்களை மட்டும் ஆசிரியர் படித்தால், அது தாங்கவொண்ணாத சுமையாகாது என்று எண்ணுகின்றோம். திங்களுக்கு நான்கு பத்திகளை மனப்பாடத்தால் எழுதுவதினும் இஃது ஒன்று மேல்.

யாம் கற்பித்த அனைவர்க்கும் இது கைவந்தது என்று சொல்ல மாட்டோம். செய்திகளை வகைப்படுத்துவது ஏறக்குறைய எல்லார்க்கும் எளிதாயிற்று. தலைமை வாக்கியத்தைத் தாமே காணுதல் பலர்க்கு இறுதிவரை அரிதாகவே இருந்தது. அன்னோர்க்கு யாம் மூன்று வாக்கியங்களை எழுதிக்கொடுத்து, பொருந்துவதைத் தேரச் செய்தோம். தேர்ந்தது ஏன் என்று அவர் கூறியபோது பெரும்பாலும் நேரிய காரணமே கூறினர். காண்பதற்கு முன்னே தேரக் கற்றல் ஒரு படி என்று அமைந்தோம்.

இவ்விதழைப் படிப்போருள் ஆசிரியராகியுள்ளோரும் ஆகவிருப்போரும் பலர். சிவப்பு மையைத் தொடுமுன், இவ்வாக்கியம் பத்தியோடு ஒட்டவில்லையா, அன்றிப் பத்திதான் இவ்வாக்கியத்தோடு ஒட்டவில்லையா என்று ஒருமுறை வினவிக்கொள்ளுமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றோம். யாம் கோடிட்டு நீக்கிய அத்தாள் இன்னும் எம்மிடம் உளது. இறுதி நாளன்று அச்சிறுவனிடம் அதனைக் காட்டி, எம் பிழை என்று கூறினோம். அவன் அதனை வாங்கிப் பார்த்துவிட்டு, உறையுள் வைத்திருந்த மற்றைத் துண்டுகளைப்பற்றி வினவினான். தாய் கருப்பட்டி ஊற்றுவது பற்றிய நான்கு துண்டுகள் அவை.